டைவர்ஸ் வேண்டாம், பிரிவு ஆணை போதும் என்கிறாள் அக்கா. இது பாதுகாப்பா?

தங்கை_குடியாத்தம்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி என் அக்காவைப் பற்றியது. அவளுக்கு 41 வயது, 2007இல் கல்யாணம் ஆனது. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. மூன்று வருடமாக திருப்பத்தூரில் வீடெடுத்து வேறு ஒரு பெண்ணோடு இருக்கிறார். அக்கா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அடி உதை எல்லாம் கிடையாது. பணம் மட்டும் அவர் இஷ்டம்தான். ஒரு மாதம் பத்தாயிரம் வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது.

விவாகரத்து என்ற பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுகிறாள். "நான் கையெழுத்துப் போட்டா அடுத்த முகூர்த்தத்துல அவ தாலி கட்டிக்குவா. நாளைக்கு பென்ஷனும் அவளுக்குத்தான் போகும். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்கிறாள்.

எங்கள் தெருவில் ஒரு வக்கீல், "ஜுடிஷியல் செபரேஷன் போட்டுடலாம்மா, கல்யாணமும் அப்படியே இருக்கும், தனியாவும் இருந்துக்கலாம்" என்றார். அந்தப் பிரிவு ஆணையே போதும் என்கிறாள் அக்கா. பெரியப்பாவோ, கோர்ட்டெல்லாம் எதற்கு, நாலு பெரியவர்களை வைத்து இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். இதில் எது சரி?

ஆரணி_நெசவு

தங்கச்சி, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? ரெண்டு பேரும் ஒத்துப்போய் மனு போட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு வருடம் தனித்தனியாக இருந்தால் போதும், உங்க அக்கா மூன்று வருடமாகவே இருக்கிறார். அந்த ஆறு மாதக் காத்திருப்பைக்கூட கோர்ட் நினைத்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தங்கை_குடியாத்தம்

அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் விவாகரத்து வேண்டாம் என்பதுதான் அவள் முடிவு. அதை வைத்துக்கொண்டு வேறு என்ன வழி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

பழைய_வருவாய்த்துறை

நான் தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் வாரிசுச் சான்று எழுதியவன். உங்கள் வக்கீல் சொன்னதுதான் சரி. பிரிவு ஆணை வாங்கினாலும் உங்கள் அக்கா சட்டப்படி மனைவிதான். அவர் இன்னொரு கல்யாணம் பண்ண முடியாது. அவர் இறந்தால் வாரிசுச் சான்றில் முதல் பெயர் உங்கள் அக்காவுடையதாகத்தான் இருக்கும். சொத்தும் பென்ஷனும் எங்கேயும் போகாது. இன்னொன்று, எப்படியிருந்தாலும் முதலில் பிரிவு, அப்புறம்தான் விவாகரத்து என்பதே சட்டத்தின் வரிசை. நேரடியாக விவாகரத்துக்குப் போக முடியாது. அதனால் தயங்காமல் பிரிவு ஆணையைப் போட்டு வைக்கலாம். ஆயுசுக்கும் பாதுகாப்பு.

சத்துவாச்சாரி_வக்கீல்

ஐயா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் அந்த அம்மா மாட்டிக்கொள்வார்.

பிரிவு ஆணைக்குப் பிறகும் மனைவி மனைவிதான், வாரிசுதான். அது சரி. முதலில் பிரிவு, அப்புறம் விவாகரத்து என்ற வரிசை எதுவும் கிடையாது. 1976 திருத்தத்துக்குப் பிறகு இந்து திருமணச் சட்டத்தில் இரண்டுக்கும் காரணங்கள் ஒன்றேதான். எந்தக் காரணத்தைச் சொல்லி பிரிவு கேட்கலாமோ, அதையே சொல்லி நேரடியாக விவாகரத்தும் கேட்கலாம். எது வேண்டும் என்பது மனு போடுபவர் விருப்பம்.

"ஆயுசுக்கும் பாதுகாப்பு" என்பதுதான் ஆபத்தான பகுதி. 10ஆம் பிரிவில் நீதிமன்றம் பிரிவு ஆணை கொடுத்து, அதன் பிறகு ஒரு வருடம் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், 13(1ஏ) பிரிவின் கீழ் விவாகரத்து கேட்கலாம். யார் கேட்கலாம்? ஆணை வாங்கியவர் மட்டும் இல்லை, இருவரில் எவரும் கேட்கலாம்.

இப்போது உங்கள் மாமாவின் நிலையைப் பாருங்கள். வேறு பெண்ணோடு இருப்பது அவர்தான். உங்கள் அக்கா மீது சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. அதாவது இன்றைக்கு அவர் விவாகரத்து மனு போட்டால் அது நிற்பது கஷ்டம். அக்கா பிரிவு ஆணை வாங்கிவிட்டால், ஒரு வருடம் கழித்து அந்த ஆணையின் நகலையே இணைத்து அவர் விவாகரத்து மனு போடலாம். இல்லாத சாவியை நாமே செய்து கையில் கொடுத்த மாதிரி. விவாகரத்து வேண்டாம் என்று இருப்பவருக்கு இந்த மனுவை யோசனையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கை_குடியாத்தம்

ஐயோ, இதை அந்த வக்கீல் சொல்லவே இல்லையே சார்! தப்பு செய்தவரே போய் கேட்டாலும் கொடுத்துவிடுவார்களா?

சத்துவாச்சாரி_வக்கீல்

அங்கேதான் கொஞ்சம் பிடி இருக்கிறது, அம்மா. தன் தவறையே லாபமாக்கிக்கொள்பவருக்கு நிவாரணம் கூடாது என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. 2001இல் உச்ச நீதிமன்றத்தில் ஹீராசந்த் மனகோன்கர் என்பவரின் வழக்கு கிட்டத்தட்ட உங்கள் அக்கா கதையேதான். கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று மனைவி பிரிவு ஆணை வாங்கினார். மனைவிக்கு மாதம் 100 ரூபாய், மகளுக்கு 75 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு. அந்தக் கணவர் அதையும் கட்டவில்லை, அந்தத் தொடர்பையும் விடவில்லை. அப்படியே வந்து, சேர்ந்து வாழாமல் ஒரு வருடம் ஆகிவிட்டது, விவாகரத்து கொடுங்கள் என்று கேட்டார். பிரிவு ஆணை வந்துவிட்டதால் உன் கடமை எல்லாம் முடிந்துவிடவில்லை, நீ செய்துகொண்டே இருக்கும் தவறை வைத்து விவாகரத்து கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த மனைவி உச்ச நீதிமன்றம் வரை போராடித்தான் இதைப் பெற்றார். உங்கள் மாமா ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டு, திருப்பத்தூர் வீட்டையும் காலி செய்துவிட்டு மனு போட்டால், தவறு தொடர்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? வெறுமனே சேர்ந்து வாழாமல் இருந்தது மட்டும் 23ஆம் பிரிவு சொல்லும் தவறு ஆகாது என்று 1977 தர்மேந்திர குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, சாட்சியைப் பொறுத்து தீர்ப்பு எந்தப் பக்கமும் சாயும்.

தொரப்பாடி_டீச்சர்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண், எனக்கும் பிரிவு ஆணைதான். ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் சபையில் விவாகரத்து என்ற பேச்சே கிடையாது. கோர்ட் கொடுத்தாலும் சபைக்கு அது கல்யாணத்தை முறித்ததாகாது. எனக்கு மறுமணம் செய்யும் எண்ணமும் இல்லை. நிம்மதியாக இருக்க ஒரு வீடு, அந்த மனிதர் வாசலில் வந்து கத்தாமல் இருப்பது, அவ்வளவுதான் தேவைப்பட்டது. இவர் சொல்லும் ஒரு வருட சமாச்சாரத்தை என் வக்கீல் என்னிடம் சொன்னதாக நினைவில்லை. இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவரும் போய் விவாகரத்து வாங்கிவிடலாமா?

சத்துவாச்சாரி_வக்கீல்

பயப்பட வேண்டாம் டீச்சர். உங்களுக்குப் பொருந்துவது 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம். ஒரு வருடம் ஆனதும் பிரிவு ஆணையைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழி அதில் இல்லை. இந்து திருமணச் சட்டத்திலும், பதிவுத் திருமணத்துக்கான 1954 சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அது இருக்கிறது. உங்களைப் போல மனசாட்சிக்காக விவாகரத்து வேண்டாம் என்பவர்களுக்கு அந்தப் பழைய சட்டத்தின் பிரிவு ஆணை நன்றாகவே பொருந்துகிறது.

அதில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஆணைக்குப் பிறகு நீங்கள் சம்பாதித்து வாங்கிய சொத்தைப் பொறுத்தவரை உங்களைத் திருமணம் ஆகாத பெண் மாதிரியே அந்தச் சட்டம் பார்க்கிறது. உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால்கூட, கணவர் முன்பே இறந்துவிட்டதைப் போல வைத்துத்தான் அந்தச் சொத்து வாரிசுகளுக்குப் போகும்.

இந்துப் பெண்களுக்கு இந்த வசதி இல்லை. குடியாத்தம் அம்மா, இதை அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள். திருமணம் நீடிக்கும் வரை வாரிசுரிமை இரண்டு பக்கமும் வேலை செய்யும். அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. அதே மாதிரி உங்கள் அக்கா உயில் இல்லாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய மனையில் பிள்ளைகளோடு இந்தக் கணவருக்கும் ஒரு பங்கு போகும். தன் பெயரில் எது இருந்தாலும் அக்கா ஒரு உயில் எழுதி வைப்பது நல்லது.

பழைய_வருவாய்த்துறை

சரி, ஒரு வருட விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொத்து விஷயத்தில் நான் சொன்னதுதானே?

சத்துவாச்சாரி_வக்கீல்

அதிலும் ஓட்டை இருக்கிறது ஐயா. அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே விற்கலாம். பிரிவு ஆணை அதைத் தடுக்காது, விவாகரத்து இல்லாமல் இருப்பதும் தடுக்காது. "மனைவி என்ற பெயர் இருந்தால் சொத்து வரும்" என்பது அவர் உயில் எழுதாத வரைக்கும்தான்.

குடும்ப பென்ஷன் அப்படியில்லை. அது அவருடைய சொத்து ஆகாது, அதை உயிலில் எழுதி வைக்க முடியாது. 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதுவும் ஒரு ரயில்வே ஊழியர் குடும்பம்தான். அவர் தம்பிக்கு உயில் எழுதி வைத்திருந்தார். குடும்ப பென்ஷன் விதிப்படி மனைவிக்குத்தான் என்று தீர்ப்பு வந்தது.

தங்கையிடம் ஒரு கேள்வி. மாமா எந்த வருடம் வேலையில் சேர்ந்தார்?

தங்கை_குடியாத்தம்

1999 சார். கல்யாணத்துக்கு முன்பே.

சத்துவாச்சாரி_வக்கீல்

நல்லது. 2004 ஜனவரிக்கு முன் சேர்ந்தவர் என்பதால் பழைய பென்ஷன் திட்டம். அவர் காலத்துக்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப பென்ஷன், அதன் மேல் அகவிலைப்படி. விதிப்படி பிரிவு ஆணை பெற்ற மனைவியும் "குடும்பம்"தான். மனைவியே வேறு தொடர்பில் குற்றவாளி என்று தீர்ப்பாகி அந்தக் காரணத்தால் பிரிவு கிடைத்திருந்தால் மட்டும் கிடையாது. விவாகரத்து ஆகிவிட்டால் முழுக்கப் போய்விடும். அக்கா பென்ஷனை நினைத்து விவாகரத்தை மறுப்பதில் கணக்கு இருக்கிறது. அதை வெறும் பிடிவாதம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

ஜோலார்பேட்டை_டீசல்

நானும் ரயில்வேதான். ரொம்ப யோசிக்க வேண்டாம் தங்கச்சி. ரயில்வே நடத்தை விதிகளில் 21ஆம் விதி இருக்கு, மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் பண்ணக் கூடாது. டிவிஷன் ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்க. வேலையே போயிடும்னு பயந்து ஓடி வருவான்.

சத்துவாச்சாரி_வக்கீல்

தம்பி, வேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? டிஸ்மிஸ் ஆனால் பென்ஷன் போச்சு, அதோடு குடும்ப பென்ஷனும் போச்சு. ஜீவனாம்சம் வர வேண்டிய சம்பளமும் நின்றுவிடும். கோபத்தில் புகார் எழுதிவிட்டு அப்புறம் திரும்பப் பெற அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புகார் எழுத அக்காவுக்கு உரிமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டின் ஒரே வருமானம் அந்த வேலைதான்.

ஜோலார்பேட்டை_டீசல்

அதுக்காக அவன் பண்றதை சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா சார்? எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தங்கை_குடியாத்தம்

சார், அப்படியென்றால் அக்கா என்னதான் செய்வது? பெரியப்பா சொன்ன பத்திரம்?

சத்துவாச்சாரி_வக்கீல்

முதலில் பத்திரம். தயவுசெய்து வேண்டாம். அதனால் கல்யாணம் முறியாது. "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று அதில் ஒரு வரி இருந்தால் கெடுதல் வேறு. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. 125ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. அவருடைய வக்கீல் முதல் வாய்தாவிலேயே அந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டுவார்.

அக்காவுக்கு நான் சொல்லும் வழி பிரிவு ஆணையே இல்லாத வழி. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18ஆம் பிரிவில், கணவர் வழக்கமாக வேறு பெண்ணோடு வசித்தால் மனைவி தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம். தனியாக இருக்கும் உரிமையும் கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. ஆனால் 13(1ஏ) சொல்லும் பிரிவு ஆணை என்ற ஒன்று பிறப்பதே இல்லை. அந்த ஒரு வருடக் கடிகாரம் ஓடாது.

இதைவிடச் சீக்கிரம் பணம் வேண்டுமென்றால் 144இல் தனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மனு போடலாம். அக்கா இப்போது வசிக்கும் ஊருக்கு உரிய நீதிமன்றத்திலேயே போடலாம், திருப்பத்தூருக்கு அலைய வேண்டாம். 2020 ரஜ்னேஷ் வழக்குக்குப் பிறகு இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். அதனால் தள்ளிப்போடப் போட அக்காவுக்குத்தான் நஷ்டம். மாமாவின் சம்பளச் சீட்டு ஒன்று பழையதாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் அவர் பணம் போட்ட மாதம், போடாத மாதம் தெரியும், அதையும் நகல் எடுங்கள்.

ஆம்பூர்_வாசி

இடையில் ஒரு கேள்வி. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு ஆணை உண்டா?

சத்துவாச்சாரி_வக்கீல்

முஸ்லிம் திருமண முறிவுக்கான 1939 சட்டத்தில் திருமணத்தை முறிக்கும் வழிதான் இருக்கிறது, இந்த இடைப்பட்ட ஆணை இல்லை. பதிவுத் திருமணமாகச் சிறப்புச் சட்டத்தில் செய்திருந்தால் உண்டு. தனியாக இருந்துகொண்டு 144இல் ஜீவனாம்சம் கேட்கலாம்.

ஆரணி_நெசவு

அப்போ இந்தப் பிரிவு ஆணை யாருக்குத்தான் உதவும் சார்? நீங்க சொல்றதைப் பாத்தா யாருமே வாங்கக் கூடாது போல இருக்கே.

சத்துவாச்சாரி_வக்கீல்

அப்படியும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் விவாகரத்து மனு போட விசேஷ அனுமதி வேண்டும், பிரிவு மனுவுக்கு அந்தத் தடை இல்லை. கல்யாணமான நாலாவது மாதமே அடி தாங்காமல் ஓடி வந்த பெண்ணுக்கு இதுதான் வாசல். அப்புறம், முறித்துவிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாதவர்கள். ஆணைக்குப் பிறகு மனம் மாறிச் சேர்ந்தால் நீதிமன்றத்திடம் சொல்லி ஆணையை ரத்து செய்துகொள்ளலாம். விவாகரத்து ஆகிவிட்டால் திரும்ப மணவறைதான்.

முக்கியமான பயன் வேறொன்று. ஆணை கையில் இருந்தால், "என்னை விட்டு ஓடிப்போனாள்" என்று மனைவி மீது கைவிடல் குற்றம் சொல்ல முடியாது. ஏனென்றால் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயத்தையே நீதிமன்றம் எடுத்துவிட்டது. மனைவியைத் திட்டமிட்டு மாட்டவைக்கும் கணவர்களிடம் இது உதவும்.

அதனால் தங்கை, ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட கணவர்கள் சிலர் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் "என்னோடு வந்து வாழச் சொல்லுங்கள்" என்று அவர்களே மனு போடுவார்கள். மனைவி, இவன் எங்கே நம்மைக் கூப்பிடுகிறான் என்று கோபத்தில் சம்மனை வாங்காமலோ, போகாமலோ இருந்துவிடுவார். ஒருதலைப்பட்சமாக ஆணை வரும். ஒரு வருடம் மனைவி போகவில்லை என்றால் அதை வைத்தும் அதே 13(1ஏ)இல் விவாகரத்து கேட்கலாம். எந்தச் சம்மன் வந்தாலும் வாங்கி, பதில் தாக்கல் செய்ய வேண்டும். திருப்பத்தூர் வீட்டைப் பற்றி அந்தப் பதிலில் எழுதினால் 9ஆம் பிரிவு மனுவே ஆட்டம் காணும்.

தங்கை_குடியாத்தம்

இன்னொன்று கேட்க வேண்டும் சார், கொஞ்சம் சங்கடமான விஷயம். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மாமா வருவார். சொந்தக்காரர்கள் முன்னால் அக்காவோடு நிற்பார், பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், சாப்பிட்டுப் போவார். போன வருடம் இரவு தங்கிவிட்டுத்தான் போனார். இதனால் வழக்கு கெடுமா?

சத்துவாச்சாரி_வக்கீல்

திருவிழாவுக்கு வந்து சாப்பிட்டுப் போவது சேர்ந்து வாழ்வது ஆகாது. இருவரும் கணவன் மனைவியாகத் திரும்பக் குடும்பம் நடத்தும் எண்ணம் வேண்டும். ஜீவனாம்ச மனுவுக்கு இதனால் பெரிய பாதிப்பு வராது.

ஆனால் எல்லாம் தெரிந்தே இரவு தங்க விட்டதை, மனைவி மன்னித்துவிட்டார் என்று அவருடைய தரப்பு காட்டலாம். வேறு பெண் தொடர்பைக் காரணமாக வைத்துப் பிரிவோ விவாகரத்தோ கேட்கும்போது இது இடிக்கும். அதன் பிறகும் அவர் திருப்பத்தூருக்கே திரும்பிப் போய் அங்கேயே இருந்தால் மன்னிப்பு காலாவதி என்று நாம் வாதாடலாம். நீதிபதி எப்படி எடுத்துக்கொள்வார் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. இந்த வருடம் வந்தால் சாப்பாட்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

தொரப்பாடி_டீச்சர்

தங்கச்சி, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் அக்கா பென்ஷனுக்காகத்தான் இப்படி இருக்கிறாரா, அல்லது அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறாரா? அதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

தங்கை_குடியாத்தம்

எனக்கே தெரியவில்லை டீச்சர். கேட்டால் பிள்ளைகளுக்காக என்கிறாள். ஆனால் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுகிறாள்.

ஜீவனாம்ச மனுவுக்கு நேற்று சம்மதித்துவிட்டாள். சம்பளச் சீட்டு 2021இல் எடுத்தது ஒன்று பீரோவில் கிடைத்தது. 144ஆ, 18ஆம் பிரிவா, எது முதலில் என்று வியாழக்கிழமை வக்கீலைப் பார்க்கும்போது கேட்கிறோம். தெரு வக்கீலை இல்லை, வேறு ஒருவரை.

சத்துவாச்சாரி_வக்கீல்

இரண்டையும் போடலாம், ஒன்றில் வாங்கும் தொகையை மற்றதில் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் மாமா பெயரில் திருப்பத்தூரில் இருந்தால் அதன் நகல் கிடைக்குமா என்று பாருங்கள். 18ஆம் பிரிவு மனுவில் அவர் அங்கேதான் வசிக்கிறார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

ஜோலார்பேட்டை_டீசல்

வாடகை விஷயம் நான் விசாரிச்சுப் பாக்கறேன் தங்கச்சி. புகார் விஷயத்துல என் கருத்து மாறல.